ரூ.2 லட்சம் முன்கூட்டிக் கட்டினால் மிச்சம் ரூ.4.68 லட்சமா, ரூ.1.65 லட்சமா?

காஞ்சிபுரத்தை அடுத்த கூரத்தில் ஒரு குடும்பம் என்று வைத்துக்கொள்வோம். அப்பாவுக்குப் பட்டுத் தறி, மகனுக்கு ஒரகடம் பக்கம் வேலை. வீடு கட்ட மகன் பெயரில் ரூ.20 லட்சம் கடன். 9% வட்டி, 20 வருடம். இஎம்ஐ ரூ.17,995. ஐந்து வருடம் ஒரு தவணைகூடத் தவறாமல் கட்டியாயிற்று. முகூர்த்த சீசன் ஆர்டரில் வந்த கூலி, மகனின் போனஸ் எல்லாம் சேர்த்து இப்போது கையில் ரூ.2 லட்சம் இருக்கிறது. அதைக் கடனில் கட்டினால் எவ்வளவு மிச்சமாகும்?

முதலில் இதுவரை கட்டியது எங்கே போனது என்று பார்க்கலாம். 60 தவணையில் கட்டியது சுமார் ரூ.10.80 லட்சம். அதில் அசலில் கழிந்தது ரூ.2.26 லட்சம்தான். நிலுவை இன்னும் ரூ.17.74 லட்சம் நிற்கிறது. அடுத்த மாத இஎம்ஐயிலும் ரூ.13,306 வட்டிக்கே போய்விடும். அசலுக்கு மிஞ்சுவது ரூ.4,689. இப்படியே போனால் மீதி 15 வருடத்தில் இன்னும் ரூ.14.65 லட்சம் வட்டி கட்ட வேண்டியிருக்கும்.

இந்த இடத்தில் ரூ.2 லட்சம் கட்டினால், அடுத்த மாத வட்டி ரூ.1,500 குறையும். இஎம்ஐயை மாற்றாமல் விட்டால் அந்த ரூ.1,500 அசலுக்குப் போய்ச் சேரும். அதனால் அதற்கடுத்த மாத வட்டி இன்னும் கொஞ்சம் குறையும். மாதா மாதம் இது தொடர்வதால், 180 தவணை பாக்கி என்பது 143 ஆகிவிடும். மூன்று வருடத்துக்கு மேல் சீக்கிரமாகக் கடன் முடிகிறது. வட்டியில் மிச்சம் சுமார் ரூ.4.68 லட்சம்.

ஆனால் அதே ரூ.2 லட்சத்தைக் கட்டிவிட்டு, "இஎம்ஐயைக் குறைச்சுக் கொடுங்க" என்று கேட்டால் கணக்கே வேறு. இஎம்ஐ ரூ.15,966 ஆகும். காலம் அதே 15 வருடம். மிச்சம் ரூ.1.65 லட்சம்தான்.

வங்கி ஏமாற்றிவிட்டது என்று அர்த்தமில்லை. இரண்டாவது வழியில் மாதம் ரூ.2,029 உங்கள் கையிலேயே நிற்கிறது. அதை மாதா மாதம் திரும்பக் கடனிலேயே கட்டினால் முதல் வழிக்குச் சமமாகிவிடும். ஆனா யாரு கட்டப் போறா? தறி வேலை மந்தமான மாதங்களில் இஎம்ஐயே கழுத்தை நெரிக்கிறது என்றால், குறைந்த இஎம்ஐயைத் தேர்ந்தெடுப்பதில் தப்பில்லை. எதை விட்டுக்கொடுக்கிறோம் என்று தெரிந்து செய்தால் போதும்.

எப்போது கட்டுகிறோம் என்பதும் முக்கியம். இதே குடும்பம் 12-ம் வருட முடிவில் அந்த ரூ.2 லட்சத்தைக் கட்டினால், இஎம்ஐயை மாற்றாமல் விட்டாலும் மிச்சம் சுமார் ரூ.1.80 லட்சமாகச் சுருங்கிவிடும். அதற்குள் பெரும்பகுதி வட்டியைக் கட்டி முடித்திருப்பார்கள்.

கட்டணம் பிடிப்பார்களோ என்ற பயம் பலருக்கு உண்டு. தனிநபரின் மாறும் வட்டி வீட்டுக் கடனுக்கு முன்கூட்டிக் கட்டும் கட்டணம் கிடையாது. 2026 ஜனவரி 1 முதல் அனுமதிக்கப்படும் அல்லது புதுப்பிக்கப்படும் கடன்களில், தனிநபர் தொழிலுக்காக வணிக வங்கியில் வாங்கும் மாறும் வட்டிக் கடனுக்கும் இதே விதியை ரிசர்வ் வங்கி கொண்டுவந்திருக்கிறது. தறி வாங்கக் கடன் எடுப்பவர்கள் கவனிக்கலாம். நிலையான வட்டிக் கடன் என்றால் ஒப்பந்தத்தைப் படித்துவிட்டுக் கட்டுங்கள். இதைவிட அதிக வட்டியில் நகைக்கடனோ கந்து வட்டியோ இருந்தால், முதலில் அதை அடையுங்கள். கையிருப்பு முழுவதையும் வீட்டுக் கடனில் போட்டுவிடவும் வேண்டாம். அவசரத்துக்கு அந்தப் பணம் திரும்பி வராது.

தப்பு நடப்பது பெரும்பாலும் கட்டும்போதுதான். கடன் கணக்கில் பணத்தைப் போட்டுவிட்டு வந்தால், அது அசலில் கழிக்கப்படாமல் வரப்போகும் தவணைகளுக்கான முன்பணமாகவும் வரவு வைக்கப்படலாம். "அசலில் கழிக்கவும், இஎம்ஐ மாறாமல் காலத்தைக் குறைக்கவும்" என்று எழுதிக் கொடுத்து, கையெழுத்திட்ட நகல் வாங்குங்கள்.

சரிபார்க்கவும் வழி இருக்கிறது. வட்டி, அசல், மீதித் தவணைகளின் எண்ணிக்கை எல்லாம் இருக்கும் அறிக்கையை ஒவ்வொரு காலாண்டு முடிவிலும் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2023 ஆகஸ்ட்டில் உத்தரவிட்டது. நம் உதாரணத்தில் அந்த எண்ணிக்கை உடனே 37 குறைந்திருக்க வேண்டும். குறையவில்லை, இஎம்ஐயும் மாறவில்லை என்றால் பணம் வேறெங்கோ நிற்கிறது.

இவ்வளவு கணக்கையும் வாடிக்கையாளர் தலையில் ஏன் கட்ட வேண்டும் என்பதுதான் நம் கேள்வி. பணம் கட்ட வருபவரிடம், "காலத்தைக் குறைத்தால் ரூ.4.68 லட்சம், இஎம்ஐயைக் குறைத்தால் ரூ.1.65 லட்சம்" என்று இரண்டு தொகையையும் அச்சிட்டுக் கொடுத்துக் கையெழுத்து வாங்குவது வங்கி மென்பொருளுக்கு ஒரு நிமிட வேலை. அதையும் ரிசர்வ் வங்கி கட்டாயமாக்க வேண்டும்.