முதலில் தாளை வாங்குங்கள்

போன வாரம் என் பழைய மாணவி ஒருத்தி, ஆறாம் வகுப்புப் படிக்கும் மகளோடு வீட்டுக்கு வந்திருந்தாள். "சார், இவளுக்கு வாட்டர் கலர் வரவே மாட்டேங்குது. 24 கலர் பாக்ஸ் வாங்கிக் கொடுத்தும் திட்டுத் திட்டாத்தான் போடுறா. இன்னும் பெரிய பாக்ஸா வாங்கணுமா?" என்று கேட்டாள்.

பிள்ளையின் டிராயிங் நோட்டைப் பார்த்தேன். கோடெல்லாம் நன்றாகவே இருந்தது. வானத்தில்தான் வரி வரியாக நீலம். தாள் அப்பளம் போல நெளிந்திருந்தது. இரண்டாம் முறை பிரஷ் பட்ட இடத்தில் மேல்பரப்பு நார் நாராக எழும்பியிருந்தது. என்னிடம் இருந்த பருத்தித் தாளில் ஒரு துண்டைக் கொடுத்து, அதே பெட்டி, அதே பிரஷ்ஷால் மறுபடி வானம் பூசச் சொன்னேன். வெறும் தண்ணீரால் தாளை நனைத்துவிட்டு மேலிருந்து நீலத்தை இறக்கினாள். சீராகப் பரவிக் கீழே வரவர வெளுத்தது. "அம்மா, நானே போட்டேன்" என்றாள்.

எனக்குத்தான் உள்ளே குத்தியது. "தேய்க்காதே, தண்ணியை அள்ளி ஊத்தாதே" என்று வகுப்பில் உங்களில் எத்தனை பேரைத் திட்டியிருப்பேன்! தப்பு உங்கள் கையில் இல்லை; நோட்டில் இருந்தது.

மரக்கூழில் செய்த மெல்லிய தாள் தண்ணீரை உடனே உறிஞ்சிவிடும். வண்ணம் ஓட நேரம் இருக்காது; பூசிய இடத்திலேயே கோடு விழுந்து காயும். நல்ல வாட்டர் கலர் தாள் 100 சதவீதம் பருத்தி. பசை ஏற்றியிருப்பதால் தண்ணீர் சற்று நேரம் மேலேயே நிற்கும். அட்டையில் 300 ஜி.எஸ்.எம்., கோல்டு பிரஸ் என்று போட்டிருந்தால் போதும். விலை அதிகம்தான். ஆனால் 22க்கு 30 அங்குல முழுத்தாள் ஒன்றை வாங்கி எட்டாக வெட்டினால், 11க்கு ஏழரை அங்குலத்தில் எட்டுப் படம் போடலாம். பின்பக்கத்தில் பயிற்சி செய்யலாம். "பழகுகிற பிள்ளைக்கு எதற்கு உசத்தித் தாள்?" என்பார்கள். தேர்ந்தவர் மட்டமான தாளையும் சமாளிப்பார்; பழகுகிறவருக்குத்தான் தப்பு தன்னுடையதா தாளுடையதா என்று தெரியாது. பென்சில் பயிற்சிக்குச் சாதாரண நோட்டே போதும்.

அடுத்தது வண்ணம். ஸ்டூடன்ட் தரத்தில் நிறமி குறைவு, நிரப்புப் பொடி அதிகம். விலை உயர்ந்த நிறமிக்குப் பதில் மலிவானதைப் போட்டால் பெயரோடு 'ஹ்யூ' என்று சேர்த்திருப்பார்கள். ஆனால் தரத்தின் பெயரைவிட, டியூபின் பின்னால் பொடியெழுத்தில் இருக்கும் நிறமி எண்ணைப் பாருங்கள். ஒரே ஒரு எண் இருந்தால் நல்லது. இரண்டு மூன்று நிறமி கலந்த டியூபை இன்னொன்றோடு சேர்த்தால் சேறாகிவிடும்.

24 வண்ணம் வேண்டாம். மூன்று சின்ன டியூப் போதும். அல்ட்ராமரைன் நீலம், பி.பி. 29. ரோஸ், பி.வி. 19. மஞ்சள், பி.ஒய். 154. இந்த நீலம் ஆர்ட்டிஸ்ட் தரத்திலும் மலிவான வரிசையில்தான் வரும். இதோடு மஞ்சள் சேர்த்தால் பளீர்ப் பச்சை வராது. மாவிலையின் அடங்கிய பச்சை வரும். நம் ஊர் மரத்துக்கு அதுதான் சரி. காசு போதாவிட்டால் ஸ்டூடன்ட் தரத்திலேயே ஒற்றை எண் உள்ளதாக வாங்குங்கள். கொஞ்சம் கெட்டியாகக் கரைத்தால் ஓரளவு ஈடுகட்டும்.

ஒன்றை மட்டும் தவிருங்கள்: அலிசரின் கிரிம்சன், பி.ஆர். 83. பார்க்க அழகு, வெளிச்சத்தில் வெளுத்துவிடும். சந்தேகமுள்ள வண்ணத்தை ஒரு பட்டையாகப் பூசி, பாதியைக் கறுப்பு அட்டையால் மூடி, வெயில் விழும் சன்னலில் சில மாதம் ஒட்டி வையுங்கள். அட்டையை எடுத்தால் வித்தியாசம் தெரிந்துவிடும்.

பிரஷ்ஷுக்குக் கடைசி இடம். விலங்கு முடி தேவையில்லை. 8ஆம் எண் சிந்தெடிக் ரவுண்டு ஒன்று போதும். கடையில் கொஞ்சம் தண்ணீர் கேட்டு, நனைத்து ஒரு உதறு உதறுங்கள். முனை தானாகக் கூர்மையாகச் சேர வேண்டும். இரண்டாகப் பிரிந்தால் வைத்துவிட்டு வாருங்கள்.

அந்தப் பிள்ளைக்குப் புதுப் பெட்டி வாங்க வேண்டாம் என்று சொல்லி, மீதித் தாளைச் சுருட்டிக் கொடுத்தனுப்பினேன். உங்கள் வீட்டிலும் "எனக்கு வராது" என்று பெட்டியை மூடி வைத்த பிள்ளை இருந்தால், முதலில் நோட்டைத் திறந்து அந்தத் தாளைத் தடவிப் பாருங்கள்.