கொன்றவனே நீதிபதியா?

2021 ஆகஸ்ட் 29 அன்று அமெரிக்க ராணுவத்தின் ஆளில்லா விமானம் காபூல் நகரில் ஒரு வெள்ளைக் காரை எட்டு மணி நேரம் வேவு பார்த்தது. கார் வீடு சேர்ந்ததும் ஏவுகணை பாய்ந்தது. மாண்டவர்கள் 10 பேர். அவர்களில் 7 பேர் குழந்தைகள். காரில் ஏற்றியவை வெடிகுண்டுகள் என்றது ராணுவம். அவை தண்ணீர்க் கேன்கள்!

இது தற்காப்பாம்! ஆயுதத் தாக்குதல் நிகழ்ந்தால் தற்காத்துக்கொள்ளவே ஐ.நா. சாசனத்தின் 51-வது ஷரத்து உரிமை தருகிறது. வெறும் சந்தேகம் தாக்குதலாகிவிடாது.

யுத்தம் என்றாலும் தப்ப முடியாது. ஆள் யாரென்பதில் ஐயமிருந்தால் அவரைச் சாதாரணக் குடிமகனாகவே கருத வேண்டும் என்கிறது யுத்தச் சட்டம்.

மனித உரிமைச் சட்டமோ இன்னும் கண்டிப்பானது. பிற உயிரைக் காக்க வேறு வழியே இல்லாதபோதுதான் கொல்லலாம்; கொன்றபின் சுயேச்சையான விசாரணை வேண்டும்.

செப்டம்பர் 17-ல் ராணுவமே தவறை ஒப்புக்கொண்டது. ஆனால் விசாரித்தவரும் ராணுவ அதிகாரிதான். சட்டமீறல் இல்லை என்றார் அவர். எவருக்கும் தண்டனை இல்லையென டிசம்பரில் முடிவாயிற்று.

ஆலை விபத்தை முதலாளியே விசாரித்துத் தன்னை விடுவித்துக்கொண்டால் நாம் ஏற்போமா? காபூல் குழந்தைகளுக்கும் அதே நியாயம்தான். சுயேச்சையான விசாரணை வேண்டும். குற்றவாளிகள் கூண்டில் ஏற வேண்டும்!