கடைக்குச் சோறு போடுவது எந்தச் சரக்கு?

மளிகைக் கடைக்காரரிடம், "உங்க கடையில எது நல்லா ஓடுது?" என்று கேட்டுப் பாருங்கள். "பிஸ்கட், ஷாம்பு பாக்கெட்" என்று பதில் வரலாம். நாள் முழுக்க ஆள் மாற்றி ஆள் வந்து கேட்பதால், மனதில் நிற்பது அதுதான். கல்லாவில் விழும் பணத்தை வைத்து வரிசைப்படுத்தினால் கதை வேறு. அப்படி வரிசைப்படுத்துவதற்குப் பெயர் பரேட்டோ கணக்கு.

வில்ஃப்ரெடோ பரேட்டோ இத்தாலியப் பொருளாதார அறிஞர். சொத்தும் வருமானமும் ஒரு சிலரிடமே குவிந்து கிடப்பதை ஆராய்ந்தவர். கடைக்கணக்குக்கும் அவருக்கும் நேரடித் தொடர்பு கிடையாது. ஜோசப் ஜுரான் என்ற தர நிர்வாக நிபுணர், தொழிற்சாலைக் குறைபாடுகளை எண்ணும்போது இவர் பெயரைச் சூட்டினார். அது அப்படியே சரக்குக் கணக்குக்கும் ஒட்டிக்கொண்டது.

ஒரு கற்பனைக் கடையை எடுத்துக்கொள்வோம். 150 சரக்குகள், மாத விற்பனை 3 லட்சம் ரூபாய். எது எவ்வளவுக்கு விற்றது என்று எழுதி, பெரிய தொகையை மேலே வைத்து அடுக்குகிறோம். அரிசி 72,000. அதாவது மொத்தத்தில் 24 சதவீதம். எண்ணெய் 48,000. அது 16 சதவீதம், இரண்டும் சேர்ந்து 40. பால் 42,000 வந்ததும் 54. துவரம் பருப்பில் 62, சர்க்கரையில் 68. காபி-டீ தூள், ஆட்டா, உளுந்து, முட்டை நான்கையும் சேர்த்தால் 80-ஐத் தொட்டுவிடுகிறது. ஒன்பதே சரக்கு! மிச்சமுள்ள 141-ம் சேர்ந்துதான் அந்த 20 சதவீதம்.

'80-20' என்று எல்லோரும் சொல்கிறார்களே, 150-ல் 20 சதவீதம் என்றால் 30 ஆச்சே என்று கேட்கலாம். அது பொதுவான ஒரு அடையாளம்தான், சட்டம் கிடையாது. உங்கள் கடையில் 9 வரலாம், 40-ம் வரலாம்.

போனில் கூகுள் ஷீட்ஸ் இருந்தால் பத்து நிமிட வேலை. A-யில் சரக்கின் பெயர், B-யில் விற்ற தொகை. B-யைப் பெரியதிலிருந்து சிறியதாக வரிசைப்படுத்திவிட்டு, C2, D2 கட்டங்களில் இவற்றை எழுதி, கடைசி வரை இழுத்துவிடுங்கள்:

```
=B2/SUM(B$2:B$151)
=SUM(C$2:C2)
```

C தனிப் பங்கு, D கூட்டிக்கொண்டே வரும் பங்கு. D எங்கே 80 சதவீதத்தைத் தொடுகிறது என்று பார்த்தால் போதும்.

தொகைக்கு எங்கே போவது? பில் மெஷின் இருந்தால் சரக்குவாரி அறிக்கை எடுத்துவிடலாம். யு.பி.ஐ. கணக்கு உதவாது, அதில் பணம்தான் தெரியும், சரக்கு தெரியாது. மெஷின் இல்லாதவர்கள் மாத ஆரம்ப இருப்போடு வாங்கியதைக் கூட்டி, கடைசி இருப்பைக் கழித்து, விற்பனை விலையால் பெருக்கலாம்.

இங்கே ஒரு வில்லங்கம் உண்டு. மெஷினில் எண்ணெய் ஒரே பெயரில் இருக்காது. அரை லிட்டர், ஒரு லிட்டர், நாலு கம்பெனி என்று எட்டு வரியாகச் சிதறியிருக்கும். அப்படியே வரிசைப்படுத்தினால், இரண்டாம் இடத்தில் இருக்க வேண்டிய எண்ணெய் பட்டியலின் நடுவில் ஒளிந்துகொள்ளும். முதலில் மொத்தமாகச் சேர்த்துப் பாருங்கள். எந்த பாக்கெட் என்பதைப் பிறகு தனியாகப் பிரிக்கலாம். தீபாவளி மாதத்தையோ, ஒரே ஒரு கல்யாண ஆர்டரையோ வைத்தும் முடிவெடுக்காதீர்கள். மூன்று மாதக் கணக்கு வேண்டும்.

விற்பனை வேறு, லாபம் வேறு. பாலில் நூற்றுக்கு 3 ரூபாய் நிற்கிறது என்று வைத்தால், 42,000-க்கு 1,260 ரூபாய்தான். பட்டியலில் எங்கோ கீழே கிடக்கும் அப்பளம், வடகம் 5,000-க்கு விற்று, நூற்றுக்கு 25 நின்றால் 1,250. கிட்டத்தட்ட சமம்! அதற்காகப் பாலை நிறுத்த முடியுமா? பால் வாங்க வருபவர்தான் அப்பளத்தையும் எடுத்துப் போகிறார்.

ஆகவே அந்த ஒன்பதின் இருப்பைத் தினமும் சாயங்காலம் பாருங்கள், சம்பளத் தேதிக்கு முன்பே வாங்கி வையுங்கள். மற்றதை வாரம் ஒருமுறை பார்த்தால் போதும். ஆனால் கீழே இருப்பதை எல்லாம் வெட்டக் கிளம்பும் முன், உப்பைக் கவனியுங்கள். மாதம் 40 பாக்கெட், வெறும் 1,000 ரூபாய். அந்த 40 பில்களையும் புரட்டிப் பார்த்தால், ஒவ்வொன்றிலும் சராசரி 600 ரூபாய்ச் சரக்கு. மொத்தம் 24,000. உப்பு இல்லையென்றால் அந்த வாடிக்கையாளர் முழு லிஸ்டையும் பக்கத்துக் கடையில் நீட்டிவிடுவார். அதே 1,000 ரூபாய்க்கு விற்கும் ஏதோ ஒரு சாஸ் பாட்டில், ஐந்து பில்லில் தனியாகவே போயிருந்தால், அடுத்த முறை அதை வாங்காமல் விட்டுவிடலாம்.