கீமோ ஏறும்போது கை எரியுதா? மருந்து வெளியே கசிந்தால் நர்ஸ் முதலில் என்ன செய்வார்?

"சிஸ்டர், ஊசி போட்ட இடம் லேசா எரியுது." கீமோ வார்டில் இந்த ஒரு வரி கேட்டதும் நர்ஸ் மருந்தை உடனே நிறுத்துவார். காரணம், ரத்தக்குழாய்க்குள் போக வேண்டிய மருந்து அதற்கு வெளியே, தோலுக்கு அடியில் கசிந்துகொண்டிருக்கலாம்.

ஓர் உதாரணம் பார்ப்போம். மார்பகப் புற்றுநோய்க்கு ஒரு பெண்ணுக்கு டாக்ஸோரூபிசின் ஏறுகிறது. நோயாளிகள் 'சிவப்பு மருந்து' என்று சொல்வது இதைத்தான். பாதி மருந்து போனதும் எரிச்சல் தொடங்குகிறது. ஊசியைச் சுற்றி லேசான வீக்கம். டிரிப்ஸ் வேகமும் குறைகிறது.

இது ஏன் ஆபத்து?

டாக்ஸோரூபிசின் செல்லின் டிஎன்ஏவில் ஒட்டிக்கொள்ளும். அந்த செல் இறந்ததும் மருந்து வெளியேறி, பக்கத்து செல்லுக்குள் நுழையும். அதனால்தான் முதல் நாள் வெறும் சிவப்பாகத் தெரிந்த இடம், சில வாரங்களில் ஆழமான புண்ணாக மாறலாம். சிலருக்கு அறுவை சிகிச்சையே தேவைப்படும்.

நர்ஸ் என்ன செய்வார்?

மருந்தை நிறுத்துவார், ஆனால் ஊசியை உடனே பிடுங்க மாட்டார். அதே ஊசியில் காலி சிரிஞ்சை மாட்டி, கசிந்த மருந்தை முடிந்தவரை உறிஞ்சி எடுப்பார். பிறகுதான் ஊசி வெளியே வரும். அந்த இடத்தை அழுத்தக் கூடாது, தேய்க்கவும் கூடாது. வீக்கத்தின் எல்லையைப் பேனாவால் வரைந்து, போட்டோ எடுத்து, டாக்டரை அழைப்பார்கள். கையை உயர்த்தி வைப்பார்கள்.

ஐஸா, வெந்நீர் ஒத்தடமா?

இது மருந்தைப் பொறுத்தது. டாக்ஸோரூபிசினுக்கு ஐஸ் ஒத்தடம். குளிர்ச்சி ரத்தக்குழாயைச் சுருக்கி, மருந்து பரவாமல் தடுக்கும். வின்கிரிஸ்டின் கசிந்தால் நேர் எதிர்: வெதுவெதுப்பான ஒத்தடம்தான். அதைப் பரவவிட்டு நீர்த்துப்போகச் செய்வதே அங்கே நோக்கம். எனவே எந்த மருந்து எனத் தெரியாமல் நாமாக ஒத்தடம் கொடுக்கக் கூடாது.

டாக்ஸோரூபிசினுக்கு டெக்ஸ்ராசாக்சேன் என்ற மாற்று மருந்து உண்டு. கசிந்த 6 மணி நேரத்துக்குள் தொடங்கி, 3 நாட்கள், பாதிக்கப்படாத கையில் ஏற்றுவார்கள். எரிச்சலை உடனே சொல்ல வேண்டும் என்பது இதனால்தான்.

எரிச்சல் என்றாலே கசிவா?

இல்லை. ரத்தக்குழாய் ஓடும் பாதையில் மட்டும் சிவந்த கோடும் அரிப்பும் வந்து, வீக்கம் இல்லையென்றால் அது ஒவ்வாமை போன்ற எதிர்வினையாக இருக்கலாம். சிரிஞ்சில் இழுக்கும்போது ரத்தம் வருகிறதா என்றும் பார்ப்பார்கள். ஆனால் ரத்தம் வந்தாலும் கசிவு இருக்க வாய்ப்புண்டு. அதனால் சந்தேகம் இருந்தால் கசிவாகவே எடுத்துக்கொண்டு மருந்தை நிறுத்துவதே நடைமுறை.

சில நேரம் அறிகுறியே வீட்டுக்குப் போன பிறகுதான் தெரியும். ஊசி போட்ட இடத்தில் வலி கூடினாலோ, கொப்புளம் வந்தாலோ, தோல் கருத்தாலோ அடுத்த கீமோ தேதி வரை காத்திருக்காமல் அன்றே வார்டுக்கு போன் செய்ய வேண்டும்.