சர்வர் நம் அறையிலா, கிளவுடிலா?

ஈஆர்பி மென்பொருளுக்குக் கடன் கேட்டு நம்மிடம் வரும் நடுத்தர ஜவுளி ஏற்றுமதியாளர்கள், முதலில் விலையைத்தான் ஒப்பிடுகின்றனர். பானிப்பட்டில் படுக்கை விரிப்புகளை ஏற்றுமதி செய்யும் ஒரு நிறுவனத்தில் 25 பேர் அதைப் பயன்படுத்துவதாகக் கொள்வோம். சொந்த சர்வருக்கும் உரிமத்துக்கும் 18 லட்சம் ரூபாய், பராமரிப்புக்கு ஆண்டுக்கு 3 லட்சம் எனில், ஐந்தாண்டுச் செலவு 33 லட்சம். கிளவுடில் ஒருவருக்கு மாதம் 2,000 ரூபாய் எனில், 30 லட்சம். வேறுபாடு பெரிதன்று.

ஆகவே, சர்வர் பழுதாகும் நாளை எண்ணியே முடிவெடுக்க வேண்டும். மாத இறுதியில் நூல், துணி, தைத்த சரக்கு ஆகியவற்றின் இருப்பு அறிக்கை வங்கிக்கு வராவிடில், ஏற்றுமதிக் கடனில் பணமெடுக்கும் வரம்பைக் கணக்கிட இயலாது. நூல் வாங்கும் பணம் அங்கேயே தடைப்படும்.

நிறுவனங்களின் மின்னணுக் கணக்குகளை நாள்தோறும் இந்தியாவிலுள்ள சர்வரில் நகலெடுத்து வைக்க வேண்டும் என்பது 2022ஆம் ஆண்டு வந்த விதி. சொந்த சர்வர் வைத்திருப்போர் சிலர் நகலையும் அதே அறையில் வைக்கின்றனர். தீ விபத்து நேர்ந்தால் இரண்டும் சேர்ந்தே அழியும். முழுநேரக் கணினிப் பொறியாளர் இல்லாத நிறுவனத்துக்குக் கிளவுடே ஏற்றது என்பது நம் கருத்து. ஆனால், இணைய இணைப்பு இரண்டு வேண்டும்.

ஒப்பந்தம் முடியும்போது முழுத் தரவும் எந்த வடிவில், எத்தனை நாளில் திரும்பக் கிடைக்கும் என்பதையும் எழுத்தில் பெற வேண்டும். இன்றேல், சரக்கு நம்முடையதாகவும் கணக்கு அவர்களுடையதாகவும் ஆகிவிடும்.