பிரீசரைப் பேட்டரியில் மாட்டலாமா?

2017 நவம்பர் 30-ல் ஒக்கி புயல் நமது மாவட்டத்தின் மின்கம்பங்களைச் சாய்த்துப் போட்டதும், பல ஊர்கள் நாட்கணக்கில் இருளில் கிடந்ததும் வணிகப் பெருமக்கள் மறந்திருக்க மாட்டார்கள். அதன்பிறகு இன்வெர்ட்டர் வாங்கிய சில்லறைக் கடைக்காரர்களில் சிலர், "இவ்வளவு பணம் போட்டாச்சு, பிரீசரும் அதிலேயே ஓடட்டுமே" என்கிறார்கள். அது வேண்டாம் என்பதே என் கருத்து.

கணக்கைப் பாருங்கள். 12 வோல்ட், 150 ஆம்பியர் பேட்டரி என்றால் 1,800 வாட்-மணி. ஆனால் அதை அடிவரை வற்ற விட்டால் ஆயுள் குறையும். இன்வெர்ட்டரிலும் கொஞ்சம் வீணாகும். ஆகவே கைக்கு வருவது சுமார் 1,000 என்று வைத்துக்கொள்வதே பத்திரம். 20 வாட் எல்.இ.டி. டியூப் நான்கு 80, மின்விசிறி 70, பில் போடும் கம்ப்யூட்டரும் பிரிண்டரும் 100, ஆக 250 வாட். நான்கு மணி நேரம் தாங்கும். விசிறியையும் இரண்டு டியூப்பையும் அணைத்தால் 140 வாட்தான். ஏழு மணி நேரம் கடை நடக்கும். முதலில் விசிறி, பிறகு விளக்கு, கடைசியில் கம்ப்யூட்டர். அணைக்கும் வரிசை இதுதான்.

இதில் 150 வாட் பிரீசரைச் சேர்த்தால் நான்கு மணி இரண்டரையாகும். அதைவிடப் பெரிய தொல்லை கம்ப்ரஸர் கிளம்பும் நேரம். அந்த ஒரு நொடியில் அது ஓடும்போது எடுப்பதைப் போல ஐந்தாறு மடங்கு இழுக்கும். சிறிய இன்வெர்ட்டர் ஓவர்லோடு என்று கத்திவிட்டு நின்றுவிடும். பாதி போட்ட பில்லோடு கம்ப்யூட்டரும் போய்விடும். விளக்கு ஒரு கணம் மங்கினாலே சுமை மிஞ்சுகிறது என்று அறியலாம்.

பிரீசருக்கு அதன் குளிர்தான் பேட்டரி. திறக்காமல் வைத்தால் நிரம்பிய பெட்டி சுமார் 48 மணி நேரமும், பாதிப் பெட்டி 24 மணி நேரமும் உறைநிலை காக்கும் என்பது பொதுக் கணக்கு. கண்ணாடி மூடிப் பெட்டிக்கு இது பொருந்தாது. ஐஸ்கிரீமும் முந்தியே இளகும். இளகியதை மறுபடி உறையவைத்து விற்கக் கூடாது. காலி இடத்தில் தண்ணீர் பாட்டில்களை, முழுக்க நிரப்பாமல், உறையவைத்து அடுக்குங்கள். கரண்ட் போனதும் கண்ணாடிமேல் கம்பளி போடலாம். வந்ததும் எடுத்துவிட வேண்டும், இல்லையேல் பக்கச் சுவரின் சூடு வெளியேறாது.

ஒக்கி போல நாட்கணக்கில் போனால் ஜெனரேட்டர்தான் வழி. காலை இரண்டு மணி, மாலை இரண்டு மணி பிரீசருக்குப் போதும். பேட்டரியையும் அப்போதே ஏற்றலாம். ஆனால் வற்றிய பேட்டரி நிரம்பப் பத்து மணி நேரத்துக்கு மேல் ஆகும் என்பதால் அன்றைக்கு விசிறியை மறந்துவிடுங்கள். ஜெனரேட்டரைக் கடைக்கு வெளியே வையுங்கள். அதன் புகையில் உயிர்போக்கும் வாயு உண்டு.