சத்துமாவுக் கஞ்சியை எப்போது தொடங்கலாம்? ஷிஃப்ட் வேலைக்குப் போகும் அம்மாக்களுக்கான இணை உணவு அட்டவணை

ஸ்ரீபெரும்புதூர் - ஒரகடம் பகுதித் தொழிற்சாலைகளில் வேலை பார்க்கும் பல அம்மாக்களுக்கு, மகப்பேறு விடுப்பு முடிவதும் குழந்தைக்கு முதல் கஞ்சி ஊட்டுவதும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் வருகின்றன. ஊரிலிருந்து பாட்டி வருவார். பத்துப் பதினைந்து தானியம், பருப்பு, முந்திரி, பாதாம் எல்லாம் வறுத்து அரைத்த சத்துமாவும் டப்பாவில் வந்துவிடும். அம்மா கம்பெனி பஸ் ஏறியதும் அதைக் கரைத்துக் காய்ச்சினால் வேலை முடிந்தது.

சத்துமாவு நல்ல உணவுதான். ஆனால், குழந்தையின் முதல் உணவாக அது வேண்டாம். ஏன் என்பதையும், அதற்கு முன்பு எதை, எந்த வரிசையில் கொடுக்கலாம் என்பதையும் பார்ப்போம்.

விடுப்பு முடிவது கணக்கல்ல

2017-ல் வந்த சட்டத் திருத்தத்தின்படி முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம் சம்பளத்துடன் விடுப்பு உண்டு. அதில் 8 வாரம் வரை பிரசவத்துக்கு முன்பே எடுக்கலாம். அப்படி எடுத்தவருக்குப் பிரசவத்துக்குப் பிறகு மிஞ்சுவது 18 வாரம்தான். வேலைக்குத் திரும்பும்போது குழந்தைக்கு நான்கு மாதம்தான் முடிந்திருக்கும்.

"நான் வீட்டில் இல்லையே, கஞ்சியாவது கொடுக்கட்டும்" என்று அப்போதே தொடங்கிவிடுகிறார்கள். உலக சுகாதார நிறுவனம் சொல்வது ஆறு மாதம் முடிந்த பிறகு. அதுவரை தாய்ப்பாலைக் கறந்து ஃபிரிட்ஜில் வைத்து, பாட்டி அதைக் கிண்ணத்திலும் ஸ்பூனிலும் புகட்டலாம். ஃபிரிட்ஜில் நான்கு நாள் வரை தாங்கும். 50 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் நிறுவனத்தில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும், அம்மா ஒரு நாளில் நான்கு முறை போய்ப் பார்க்கலாம் என்பதும் அதே திருத்தத்தில் உள்ளது.

ஆறு மாதம் முடிந்ததும் குழந்தையையும் கவனியுங்கள். தலை ஆடாமல் நிற்க வேண்டும். பிடித்து உட்காரவைத்தால் உட்கார வேண்டும். ஸ்பூனை நாக்கால் வெளியே தள்ளுவது குறைந்திருக்க வேண்டும்.

ஒரு நேரத்தில் ஒரு புதிய உணவு

பதினைந்து பொருள் கலந்த மாவைக் கொடுத்த அன்று குழந்தைக்கு உடம்பெல்லாம் தடிப்பு வந்தால், காரணம் கோதுமையா, வேர்க்கடலையா, முந்திரியா என்று யாராலும் சொல்ல முடியாது. மொத்த மாவையும் நிறுத்த வேண்டியிருக்கும். அதனால்தான் ஒவ்வொரு உணவாகக் கொடுத்து, மூன்று நாள் பார்த்து, அடுத்ததற்குப் போவது நல்லது. வாரத்துக்கு இரண்டு புதிய உணவு, ஞாயிறன்று புதிதாக எதுவும் இல்லை.

முதல் வாரம்: திங்கள் முதல் புதன் வரை குழைய வேகவைத்து மசித்த சாதம். வியாழன் முதல் சனி வரை இரண்டு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு பாசிப்பருப்பு சேர்த்து வேகவைத்தது, கால் ஸ்பூன் நெய்யுடன்.

இரண்டாம் வாரம்: வேகவைத்து மசித்த மஞ்சள் பூசணி அல்லது கேரட். பிறகு மசித்த வாழைப்பழம்.

மூன்றாம் வாரம்: கேழ்வரகுக் கூழ். பிறகு பருப்பு சாதத்தில் நன்றாக வெந்து மசிந்த முருங்கைக்கீரை.

நான்காம் வாரம்: முழுதாக வெந்த முட்டை, முதல் நாள் கால் ஸ்பூன் மட்டும். பிறகு சர்க்கரைவள்ளிக் கிழங்கு. முட்டை சாப்பிடாத வீட்டில் இன்னொரு பருப்பு வகையைக் கொடுக்கலாம்.

அடுத்த இரண்டு வாரங்களில் கோதுமை, பொட்டுக்கடலை, நைஸாக அரைத்த வேர்க்கடலை ஆகியவற்றைத் தனித்தனியாகப் பழக்குங்கள். இப்போது சத்துமாவைக் காய்ச்சலாம். அதில் உள்ள முக்கியமான பொருள்கள் எல்லாம் குழந்தைக்குத் தெரிந்தவை. இன்னும் பழகாத முந்திரி, பாதாமை மட்டும் இப்போதைக்கு மாவில் சேர்க்க வேண்டாம். அங்கன்வாடியில் ஆறு மாதக் குழந்தை முதல் தரும் சத்துமாவுக்கும் இதே வரிசைதான்.

ஷிஃப்ட்டுக்கு ஏற்ப மாற்றுங்கள்

புதிய உணவைக் காலை பத்து மணி வாக்கில் கொடுங்கள். ஒவ்வாமை பெரும்பாலும் முதல் இரண்டு மணி நேரத்துக்குள் தெரிந்துவிடும். அப்போது ஆஸ்பத்திரியும் திறந்திருக்கும்.

அம்மாவுக்கு மதிய ஷிஃப்ட் வாரம் என்றால் இது எளிது. பஸ் ஏறும் வரை பக்கத்திலேயே இருக்கலாம். நைட் ஷிஃப்ட் முடிந்து வந்து தூங்கும் வாரத்தில், விழித்திருந்து கவனிக்க இன்னொரு பெரியவர் இருந்தால் மட்டும் புதியதைக் கொடுங்கள். விடியற்காலையிலேயே கிளம்பும் ஷிஃப்ட் வாரத்தில் பழகிய உணவுகள் மட்டும் போதும். அட்டவணை ஒரு வாரம் தள்ளிப்போவதால் நஷ்டமில்லை. எந்த நாள் என்ன கொடுத்தோம் என்பதை ஃபிரிட்ஜ் கதவில் உள்ள காலண்டரில் எழுதிவிடுங்கள். பாட்டியும் அப்பாவும் அதைப் பார்த்தே கொடுக்கலாம்.

நான்காம் வாரத் திங்களன்று முட்டை கொடுத்து, அரை மணி நேரத்தில் உடம்பில் தடிப்பு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். காலண்டரில் அன்று புதியது முட்டை மட்டுமே. அதை நிறுத்திவிட்டு, அன்றே டாக்டரிடம் காட்டுங்கள். சாதம், பருப்பு, கூழ் வழக்கம்போல் தொடரலாம். முகம், உதடு வீங்கினாலோ, மூச்சு இழுத்தாலோ, விடாமல் வாந்தி எடுத்தாலோ காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள்.

கெட்டியாக இருக்கட்டும்

தொண்டையில் சிக்குமோ என்ற பயத்தில் கஞ்சியைத் தண்ணீராகக் கரைக்கிறார்கள். குழந்தையின் வயிறு சிறியது. ஏழு கிலோ குழந்தைக்குச் சுமார் 200 மில்லிதான் கொள்ளும். அது தண்ணீரால் நிரம்பிவிட்டால் சத்துக்கு இடமில்லை. ஸ்பூனைச் சாய்த்தால் ஒழுகி ஓடாமல், மெதுவாக நழுவும் அளவு கெட்டியாக இருக்க வேண்டும்.

காலையில் காய்ச்சிய கஞ்சியை ஹாட் பாக்ஸில் வைத்து மதியம் கொடுப்பதையும் தவிருங்கள். வெதுவெதுப்பில் கிருமி வேகமாகப் பெருகும். இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியில் இருந்ததைக் கொட்டிவிட்டு, புதிதாகக் காய்ச்சுங்கள்.

மாதம் வாரியாக அளவு

ஆறு மாதம் முடிந்ததும்: இரண்டு மூன்று டேபிள்ஸ்பூன், நாளுக்கு இரண்டு வேளை.

7, 8 மாதம்: 250 மில்லி கிண்ணத்தில் அரைக் கிண்ணம் வரை கூட்டலாம். இரண்டு அல்லது மூன்று வேளை. மிக்ஸியில் அரைக்காமல் கையால் மசித்தது.

9 முதல் 11 மாதம்: அரை முதல் முக்கால் கிண்ணம், மூன்று வேளை. இடையில் ஒரு முறை பழமோ, விரலால் எடுத்துத் தின்னும்படி இட்லித் துண்டோ.

ஒரு வயதில்: முக்கால் முதல் ஒரு கிண்ணம். வீட்டுச் சாப்பாட்டையே காரம் குறைத்துக் கொடுக்கலாம்.

எல்லா மாதங்களிலும் தாய்ப்பால் தொடர வேண்டும். ஒரு வயது வரை உப்பு, சர்க்கரை சேர்க்க வேண்டாம். தேன் ஒரு துளிகூடக் கூடாது. பசும்பாலைக் குடிக்கவும் கொடுக்க வேண்டாம்.

ஒரு உணவைத் துப்பினால் பிடிக்கவில்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். சில நாள் விட்டு மறுபடி கொடுத்துப் பாருங்கள். எட்டு, பத்து முறைக்குப் பிறகும் ஏற்றுக்கொள்ளும் குழந்தைகள் உண்டு. மாதம் ஒரு முறை அங்கன்வாடியில் எடை பாருங்கள். தொடர்ந்து இரண்டு மாதம் எடை கூடவில்லை என்றால் டாக்டரைப் பாருங்கள். போகும்போது அந்தக் காலண்டர் தாளையும் எடுத்துச் செல்லுங்கள்.